88 மார்க் வாங்கிய ரெஸ்யூமேயும் பி.எஃப். கணக்கில் இல்லாத ஆறு மாதமும்

வாசகர் கடிதம்

ஐயா, எனக்கு வயது 28, பி.இ. மெக்கானிக்கல். 2019 ஜூனில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். ஒரு வருடம் முடிந்து கான்ட்ராக்டர் பெயரில் அங்கேயே வேலை. 2021 ஏப்ரலில்தான் கம்பெனி ரோலில் எடுத்தார்கள், ஜூனியர் இன்ஜினியர் என்று. அப்பாவுக்கு பைபாஸ் செய்ததால் 2022 நவம்பரில் வேலையை விட்டேன். 2023 ஜூனில் ஒரகடத்தில் சேர்ந்து இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். காட்பாடியில் ரெஸ்யூமே போட்டுத் தரும் ஒரு தம்பி என் ரெஸ்யூமேயை ஏதோ மென்பொருளில் ஏற்றிப் பார்த்தார். 54 மார்க் வந்தது. பழைய கம்பெனியை '2019 ஜூன் – 2023 மே, குவாலிட்டி இன்ஜினியர்' என்று ஒரே வரியாக மாற்றியதும் 88 வந்தது. அதை வைத்து பெங்களூரில் ஆஃபரும் கிடைத்துவிட்டது. இப்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் லிங்க் வந்திருக்கிறது. பி.எஃப். யு.ஏ.என். நம்பர் கேட்கிறார்கள். ஐந்து நாள் டைம். பி.எஃப்.பில் வெளியேறிய தேதியை நாமே மாற்றலாம் என்கிறாள் தோழி. இடைப்பட்ட மாதங்களுக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார் அந்தத் தம்பி. ரெஸ்யூமேயை ஏற்றுக்கொண்டு ஆஃபரே கொடுத்த பிறகு இதையெல்லாம் தோண்டுவார்களா?

— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்

தோண்ட வேண்டிய வேலையே இல்லை, அம்மா. யு.ஏ.என். நம்பரைக் கொடுத்ததும் பாதி விஷயம் மேலேயே வந்து நிற்கும். ஆனால் லிங்க்கை இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்றால் உங்கள் கையில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஐந்து நாளில் முதல் நாளை இந்தப் பதிலைப் படிக்க எடுத்துக்கொள்ளுங்கள், மீதி நாலு நாள் போதும்.

நான் பதினோரு வருடம் வெரிஃபிகேஷன் வேலையே பார்த்தவன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று இந்தப் பக்கத்துக் கேஸ்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இப்போது சத்துவாச்சாரியில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் ஃபைல் அங்கே எப்படித் தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அந்த 88. மென்பொருள் உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கும் வார்த்தைகளை வேலை விளம்பரத்தின் வார்த்தைகளோடு ஒப்பிடுகிறது, தேதிகளைக் கழித்து எத்தனை மாத அனுபவம் என்று கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான். 'ஜூனியர்' போனதும் பதவிப் பெயர் பொருந்தியது, இடைவெளி போனதும் மாதம் கூடியது, மார்க் ஏறியது. அது உண்மையா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அது வைக்கப்படவில்லை. இண்டர்வியூ எடுத்தவரும் உங்களுக்கு வேலை தெரியுமா என்றுதான் பார்த்தார், தேதியைப் பார்க்கவில்லை. உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துக் கடைசிப் பக்கம் பாருங்கள். பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்தான் இந்த ஆஃபர் செல்லும் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி அநேகமாக இருக்கும். ஆகவே ரெஸ்யூமேயை 'ஏற்றுக்கொண்டார்கள்' என்று நினைக்காதீர்கள். இன்னும் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

வெரிஃபிகேஷன் மேஜையில் உங்கள் ஃபைல்

அங்கே திரையில் மூன்று பத்தி இருக்கும். விண்ணப்பதாரர் சொன்னது, சரிபார்த்ததில் கிடைத்தது, வித்தியாசம். சரிபார்ப்பவர் உங்கள் பழைய கம்பெனியின் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், பதவி, எம்ப்ளாயி ஐ.டி., விலகிய காரணம், மறுபடி எடுத்துக்கொள்வீர்களா. கேள்விகள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இவைதான். உங்கள் குணநலனை அவர் விசாரிப்பதில்லை, நீங்கள் கெட்டிக்காரியா என்றும் கேட்பதில்லை.

உங்கள் எச்.ஆர். தன் சிஸ்டத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பார். அங்கே நீங்கள் பிறந்ததே 2021 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அதற்கு முன்னால் கான்ட்ராக்டர் ஆள், அதற்கும் முன்னால் அப்ரெண்டிஸ். அந்த இரண்டு பதிவும் பெரும்பாலும் வேறு ரிஜிஸ்டரில் இருக்கும். அவர் பார்த்ததை மட்டும் எழுதி அனுப்புவார். ஆக ரிப்போர்ட் இப்படி ஆகும்:

சேர்ந்த தேதி: சொன்னது 2019 ஜூன், கிடைத்தது 2021 ஏப்ரல்.
விலகிய தேதி: சொன்னது 2023 மே, கிடைத்தது 2022 நவம்பர்.
பதவி: சொன்னது குவாலிட்டி இன்ஜினியர், கிடைத்தது ஜூனியர் இன்ஜினியர்.

மூன்று வரியும் சிவப்பு. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இருக்கும் 22 மாத வித்தியாசம் பொய்யே அல்ல. 2019 ஜூனிலிருந்து நீங்கள் அதே கேட்டுக்குள்தான் போய் வந்தீர்கள், அதே லைனில்தான் நின்றீர்கள். முடிவில் இருக்கும் ஆறரை மாதம்தான் பொய். ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கும் பெங்களூர் எச்.ஆருக்கு 22 மாதம்தான் பெரிய பொய்யாகத் தெரியும். பின்னால் ஒரு தேதியை நீட்டியது ருசுவானதும், முன்னால் இருக்கும் நேர்மையான காலத்தையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். அந்தத் தம்பி உங்களுக்குச் செய்த உண்மையான கெடுதல் இதுதான். ஆறு மாதத்தை மறைக்கப் போய் உங்கள் இரண்டு வருடத்தைச் சந்தேகத்தில் மாட்டிவிட்டார்.

பி.எஃப். சொல்லும் கதை

யு.ஏ.என். போர்ட்டலில் நுழைந்து `View` என்பதன் கீழ் `Service History` பாருங்கள், இன்றைக்கே. எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தத் தேதியில் சேர்ந்து, எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். உங்கள் விஷயத்தில் நான் எதிர்பார்ப்பது இது.

2019 ஜூன் முதல் 2020 ஜூன் வரை அங்கே ஒன்றுமே இருக்காது. பயப்பட வேண்டாம். அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவர் பி.எஃப். சட்டத்தின்படி 'ஊழியர்' கணக்கில் வருவதில்லை, உதவித்தொகைக்கு பி.எஃப். பிடிப்பதும் இல்லை. அந்த வருடத்துக்கு ஆதாரம் பி.எஃப். அல்ல, பயிற்சி முடிந்ததும் கொடுத்த சான்றிதழ். பட்டதாரி அப்ரெண்டிஸ் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் தென் மண்டல அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியத்தின் பெயரில் அது இருக்கும். வீட்டில் பி.இ. மார்க் ஷீட் வைத்திருக்கும் அதே ஃபைலில் தேடுங்கள். பலர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் உள்ளே செருகி வைத்திருப்பார்கள்.

அடுத்து கான்ட்ராக்டர் காலம். அங்கே உங்கள் கம்பெனியின் பெயர் இருக்காது, ஏதோ ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயர் இருக்கும். ரெஸ்யூமேயில் அந்தப் பெயரே இல்லை என்றால், சரிபார்ப்பவர் கண்ணில் அது நீங்கள் மறைத்த ஒரு வேலை. இன்னொன்றும் நடக்கும். கான்ட்ராக்டர்கள் பலர் ஆள் விலகிய தேதியைப் பதிவதே இல்லை. அந்த இடம் காலியாக இருந்தால், நீங்கள் இன்றைக்கும் அவரிடம் வேலை செய்துகொண்டே ஒரகடத்திலும் வேலை பார்ப்பது போலக் காட்டும். ஒரே நேரத்தில் இரண்டு சம்பளம் என்று கேள்வி வரும்.

அந்த இடம் காலியாக இருந்தால் நீங்களே நிரப்பலாம். உங்கள் தோழி அரைகுறையாகக் கேள்விப்பட்டது இதைத்தான். `Manage` என்பதன் கீழ் `Mark Exit` இருக்கிறது. ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். ஆனால் இதில் இரண்டு கட்டு உண்டு. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். அப்புறம், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் ஒரு தேதியைத்தான் போட முடியும். பழைய கம்பெனி உங்களுக்குக் கடைசியாகக் கட்டியது 2022 நவம்பர் சம்பளத்துக்கு என்றால், 2023 மே என்று அந்தத் திரை ஏற்காது. ஏற்கெனவே கம்பெனி பதிந்த தேதியை மாற்றுவதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. ஒருவேளை எப்படியோ மாற்றினாலும் பாஸ்புக்கை என்ன செய்வீர்கள்? மாதாமாதம் கட்டிய பணம் அதில் வரிவரியாக இருக்கிறது. டிசம்பரிலிருந்து மே வரை அங்கே ஒரு ரூபாயும் வந்திருக்காது. தேதியைத் திருத்தலாம் என்ற யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

அந்தச் சான்றிதழ்

இதில் மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். வாங்காதீர்கள்.

ஒருமுறை குடியாத்தம் பக்கத்து முகவரி போட்ட ஒரு அனுபவச் சான்றிதழ் என்னிடம் வந்தது. நல்ல கெட்டி லெட்டர்ஹெட், ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப், 2016 டிசம்பர் தேதி. நேரில் போய்ப் பார்க்கவே தேவைப்படவில்லை. லெட்டர்ஹெட்டின் அடியில் ஜி.எஸ்.டி. நம்பர் அச்சாகியிருந்தது. நாட்டில் ஜி.எஸ்.டி. வந்ததே 2017 ஜூலை 1-ஆம் தேதி. அந்தப் பையனுக்கு உண்மையில் மூன்று வருடம் நல்ல அனுபவம் இருந்தது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீ குடித்துக்கொண்டே நான் போட்ட சிவப்பு டிக் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போதெல்லாம் அச்சடிப்பவர்கள் இந்த மாதிரித் தப்பை விடுவதில்லை என்று அந்தத் தம்பி சொல்லக்கூடும். சரி, லெட்டர் கச்சிதமாகவே இருக்கட்டும். சம்பளம் எந்த பேங்கில் வந்தது என்று கேட்பார்கள். முகவரிக்கு ஆள் அனுப்புவார்கள். பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையப் பதிவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இதற்கும் தேதியை நீட்டியதற்கும் எடை வேறு. ரெஸ்யூமேயில் தேதி தவறாக இருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின்படி தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தம் என்று சொல்லி அவர்கள் விலகிக்கொள்ளலாம். வேலை போகும், மிஞ்சிப் போனால் அந்தக் கம்பெனி மறுபடி உங்களைக் கூப்பிடாது. போலி ஆவணத்தை உண்மை என்று கொடுப்பது குற்றவியல் சட்டத்துக்குள் வருகிறது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 340-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கம்பெனிகள் எல்லோர் மேலும் புகார் கொடுக்கிறார்கள் என்று நான் பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலும் ஆஃபரை ரத்து செய்வதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் ஆறரை மாதம் அப்பாவைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் அதற்காக இந்த ஆபத்துக்குள் போவதில் அர்த்தமே இல்லை.

லிங்க்கை நிரப்புவதற்கு முன்

ரெஸ்யூமே வேறு, அந்த லிங்க்கில் வரும் படிவம் வேறு. ரெஸ்யூமேயில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தில் 'மேலே சொன்னவை உண்மை' என்று உறுதி சொல்லி, சரிபார்க்கச் சம்மதமும் கொடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் 'சொன்னது' என்ற பத்தியில் ஏறுவது பெரும்பாலும் இந்தப் படிவத்தில் நீங்கள் போடும் தேதிதான். ஆகவே ரெஸ்யூமேயில் போட்டாகிவிட்டதே என்று அதையே இங்கேயும் திருப்பி எழுதாதீர்கள். பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

படிவத்தில் பழைய கம்பெனியை மூன்று வரியாகப் பிரித்துப் போடுங்கள். அப்ரெண்டிஸ் ஒரு வருடம் தனி வரி. கான்ட்ராக்டர் காலம் தனி வரி. அதில் நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் ஏஜென்சியின் பெயர், வேலை செய்த இடம் உங்கள் கம்பெனி. கம்பெனி ரோல் மூன்றாவது வரி, ரிலீவிங் லெட்டரில் இருக்கும் அதே தேதி, அதே பதவி. லெட்டரில் 'ஜூனியர் இன்ஜினியர்' என்றால் அப்படியேதான், எழுத்துக்கூட மாறக் கூடாது. நீங்கள் செய்தது குவாலிட்டி வேலை என்பதை வேலை விவரம் எழுதும் இடத்தில் விளக்கமாகச் சொல்லலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரகடத்து வேலைக்கும் இதே விதி. அங்கே உங்கள் பதவி என்ன என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கான்ட்ராக்டர் லெட்டர் ஏதும் தரவில்லை என்றால் மூன்று பொருள் போதும். பி.எஃப். பாஸ்புக், அந்த மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், கேட் பாஸ் அல்லது ஐ.டி. கார்டின் போட்டோ. ஸ்டேட்மென்டில் சம்பள வரியை மட்டும் தெரியவிட்டு மற்றதை மறைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக் கொடுங்கள். பல இடத்தில் ஒத்துக்கொள்வார்கள். படிவம் 16 உங்களிடம் இருந்தால் அதன் முதல் பகுதியில் அந்த நிறுவனத்தில் இருந்த காலமும் போட்டிருக்கும். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை என்றால் அது இருக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

இடைவெளிக்குப் படிவத்தில் தனி இடம் இருக்கும். அதில் '2022 நவம்பர் முதல் 2023 ஜூன் வரை, தந்தையின் அறுவை சிகிச்சையும் அதன் பிறகான பராமரிப்பும்' என்று ஒரு வரி. டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்காதீர்கள். அது அப்பாவின் மருத்துவ விவரம், அதைக் கேட்கக் காரணமும் இல்லை. வற்புறுத்திக் கேட்டால் தேதி தெரியும் முதல் பக்கம் மட்டும், அதுவும் அப்பாவிடம் சொல்லிவிட்டு.

படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன்னால், உங்களுக்கு ஆஃபர் அனுப்பிய எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போய்விட வேண்டும். வெரிஃபிகேஷன் ஏஜென்சிக்கு அல்ல, எச்.ஆருக்கு. ஏஜென்சிக்காரர் முடிவெடுப்பவர் அல்ல, வித்தியாசத்தை எழுதி அனுப்புபவர்தான். அவர் எழுதுவதற்கு முன் நீங்கள் சொல்லியிருந்தால் அது திருத்தம், அவர் எழுதிய பிறகு சொன்னால் சமாளிப்பு. ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

'நான் அனுப்பிய ரெஸ்யூமேயில் முதல் நிறுவனத்தின் காலமும் பதவியும் சரியாக இல்லை. அப்ரெண்டிஸ், கான்ட்ராக்ட், நிரந்தரம் ஆகிய மூன்று கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்தேன். விலகிய தேதி 2022 நவம்பர், 2023 மே அல்ல. அதன் பிறகு குடும்பத்தில் மருத்துவக் காரணத்தால் வேலையில் இல்லை. திருத்திய ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். படிவத்தில் சரியான விவரத்தையே தருகிறேன். தவறுக்கு வருந்துகிறேன்.'

தம்பி மீது பழி போடாதீர்கள். 'டைப்பிங் மிஸ்டேக்' என்றும் எழுதாதீர்கள். டைப்பிங்கில் ஆறு மாதம் நழுவாது என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும்.

இதற்குப் பிறகும் ஆஃபர் போகலாம், அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அந்த வேலைக்குக் குறைந்தபட்சம் இத்தனை வருடம் என்று விளம்பரத்தில் இருந்திருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அப்ரெண்டிஸ் வருடத்தை விட்டுவிட்டால் பழைய இடத்தில் உங்களுக்குக் கிட்டத்தட்ட 2 வருடம் 5 மாதம், சேர்த்தால் கிட்டத்தட்ட 3 வருடம் 5 மாதம். அதோடு ஒரகடத்து வருடங்களையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை அவர்கள் கேட்டதைத் தாண்டினால், திருத்தத்தை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆறரை மாதத்தை நீட்டியதால்தான் தகுதியே வந்தது என்றால் வழி குறுகல்தான். சம்பளத்தைக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு.

ரிப்போர்ட்டில் வித்தியாசம் என்று வந்தால் வழக்கமாக உங்களிடம் விளக்கம் கேட்டு இரண்டு மூன்று நாள் டைம் கொடுப்பார்கள். அப்போது புதிதாகக் கதை சொல்லாமல், முதலில் அனுப்பிய மின்னஞ்சலையும் அதே ஆவணங்களையும் திரும்ப அனுப்புங்கள். உங்கள் பழைய எச்.ஆருக்கும் இப்போதே ஒரு போன் போட்டு, அப்ரெண்டிஸ், கான்ட்ராக்ட் காலத்தையும் சேர்த்துப் பதில் எழுத முடியுமா என்று கேட்டுவையுங்கள். கம்பெனி ரோலில் எடுத்தபோது கொடுத்த லெட்டரில் 'முன்பு கான்ட்ராக்டில் பணிபுரிந்தவர்' என்று ஒரு வரி இருந்தால் அதை விடப் பெரிய ஆதாரம் வேறில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒரகடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால், வெரிஃபிகேஷன் முடிந்தது என்று பெங்களூரிலிருந்து எழுத்தில் வரும்வரை கொடுக்காதீர்கள். சேர்வதற்கு முன்பே முடிப்பார்களா, சேர்ந்த பிறகும் தொடருமா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். படிவத்தில் 'தற்போதைய நிறுவனத்தை இப்போது தொடர்புகொள்ளலாமா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'வேண்டாம்' என்று குறியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேறு வேலை தேடும் விஷயம் உங்கள் மேனேஜருக்கு ஏஜென்சிக்காரர் மூலமாகத்தான் முதலில் தெரியவரும்.